பழைய ஃபிளாட்டைப் புதுப்பிக்கச் சதுர அடிக்கு எவ்வளவு? அறைவாரியாகப் போட்ட ஒரு மதிப்பீடு

## பின்னணி

கட்டி முப்பது ஆண்டுகளைத் தாண்டிய அடுக்குமாடிக் கட்டடம். அதன் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை கொண்ட ஒரு ஃபிளாட். அதை வாங்கிய தம்பதி, குடிவருவதற்கு முன் முழுக்கப் புதுப்பித்துவிட நினைத்தார்கள். வயதான அம்மாவும் கூட இருக்கப்போகிறார் என்பதால், ஒருமுறை குடியேறிய பிறகு மறுபடியும் சுவரை உடைக்கிற வேலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்களுடைய முதல் நிபந்தனை.

மதிப்பீடு போட என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு காண்ட்ராக்டர்களிடம் விலை கேட்டிருந்தார்கள். இருவருமே "நடுத்தர ஃபினிஷ், சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரியில் சொல்லியிருந்தார்கள். இரண்டில் எது மலிவு, அந்தத் தொகைக்குள் உண்மையில் வேலை முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பணத்தொகை எதுவும் வராது. கூலியும் பொருள் விலையும் இடத்துக்கு இடம் வேறு, ஆறு மாதத்தில் மாறிவிடும். அதனால் படுக்கையறையில் எளிய தரத்தில் மேல்வேலை செய்ய ஒரு சதுர அடிக்கு ஆகும் செலவை 1 அலகு என்று வைத்துக்கொண்டேன். மேல்வேலை என்றால் சாதாரண டைல்ஸ், பட்டி, பெயிண்ட், கதவைச் சரிசெய்வது, சாதாரண சுவிட்சுகள். மற்ற எல்லாச் செலவும் அந்த ஒன்றுக்கு எத்தனை மடங்கு என்ற கணக்கில்தான் வரும். உங்கள் பக்கத்து ரேட்டை அந்த ஒன்றின் இடத்தில் போட்டால் ஓரளவுக்குத் தொகை கிடைக்கும்.

## இரண்டு ரேட், இரண்டு பரப்பளவு

முதல் காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 2.2 அலகு சொன்னார். இரண்டாமவர் 2.7. தம்பதி முதலாமவர் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

விலைத்தாளைப் பார்த்தால், முதலாமவர் பெருக்கியிருந்தது பத்திரத்தில் உள்ள 940 சதுர அடியால். அந்த 940-ல் வெளிச்சுவரின் கனம், படிக்கட்டு, பொது நடைபாதையின் பங்கு எல்லாம் சேர்ந்திருக்கிறது. படிக்கட்டில் இந்தத் தம்பதியின் பங்குக்கு யாரும் டைல்ஸ் ஒட்டப்போவதில்லை. இரண்டாமவர் டேப் வைத்து அறை அறையாக அளந்து, உள்ளே கால் வைக்கிற இடத்தை மட்டும் எடுத்திருந்தார். நாங்களும் அளந்து பார்த்தோம். ஹால் 220, படுக்கையறைகள் 143-ம் 120-ம், சமையலறை 80, குளியலறைகள் 40-ம் 28-ம், உள்நடை 35, பால்கனி 40. மொத்தம் 706 சதுர அடி.

இப்போது பெருக்கினால் முதலாமவருடைய தொகை 2068 அலகு, இரண்டாமவருடையது 1906. ரேட்டில் மலிவாகத் தெரிந்தவர் மொத்தத்தில் 162 அலகு கூடுதல். யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு பழக்கமும் புழக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பரப்பளவு என்று சொல்லாத சதுர அடி ரேட்டை இன்னொன்றோடு ஒப்பிட வழியே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. ஒயரிங், குழாய் மாற்றம், நீர்க்கசிவுத் தடுப்பு மூன்றும் "தேவைப்பட்டால், ஆகும் செலவின்படி" என்று இருவருமே எழுதியிருந்தார்கள். முப்பது ஆண்டு பழைய வீட்டில் இந்த மூன்றும் தேவைப்படாமல் போனால்தான் ஆச்சரியம்.

## தட்டியும் திறந்தும் பார்த்தது

மதிப்பீடு போடும் முன் வீட்டை இரண்டு விதமாகச் சோதித்தோம். ஒன்று தட்டிப் பார்ப்பது, இன்னொன்று சில இடங்களைத் திறந்து பார்ப்பது. கட்டடச் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் திறந்தோம்.

சுத்தியலின் கைப்பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால், பூச்சு செங்கல்லை விட்டு விலகிய இடத்தில் சத்தம் பொத்தென்று மாறும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வளைத்துக் குறித்தோம். ஹாலின் வெளிச்சுவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வட்டத்துக்குள் வந்துவிட்டது. உள்சுவர்கள் பரவாயில்லை. தரையில் படுக்கையறைகளின் மொசைக் கெட்டியாகவே இருந்தது. ஹாலில் முன்பு எப்போதோ ஒரு தடுப்புச் சுவரை எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசிய தழும்பும், அதிலிருந்து ஓடிய விரிசல்களும் இருந்தன. அதைப் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது.

ஒயரிங்கைச் சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். பல பாயிண்டுகளில் எர்த் ஒயரே இல்லை. ஆக, ஒயர் மாற்றுவது உறுதி. ஆனால் செலவைத் தீர்மானிப்பது ஒயர் அல்ல, சுவருக்குள் இருக்கும் பைப். பழைய ஒயரை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் அது வழுக்கிக்கொண்டு வந்தால், அதே பைப்பில் புது ஒயரைக் கோத்துவிடலாம். வரவில்லை என்றால் சுவரில் புதிதாகக் காடி எடுத்து, பைப் பதித்து, மறுபடியும் பூசி, பட்டி பார்க்க வேண்டும். படுக்கையறைகளில் ஒயர் நகர்ந்தது. சமையலறையில் அசையவே இல்லை.

குழாய்கள் துத்தநாகம் பூசிய பழைய ஜி.ஐ. இரும்பு ரகம். சமையலறைக்குக் கீழ் ஒரு துண்டை அறுத்துப் பார்த்ததில், துருப்படிந்து துவாரம் பாதிக்கு மேல் அடைந்திருந்தது. தண்ணீர் மெல்ல வருவதற்கு மேல்நிலைத் தொட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள் முந்தைய குடியிருப்பாளர்கள். விலையுயர்ந்த ஷவரை மாட்டினாலும் அந்தக் குழாயில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும்.

கீழ்வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு அவருடைய குளியலறைக் கூரையைப் பார்த்தோம். நம் பெரிய குளியலறைக்கு நேர் கீழே மஞ்சள் கறை படர்ந்திருந்தது. சின்னக் குளியலறைக்குக் கீழே கறை இல்லை. நம் வீட்டுக் குளியலறைக் கூரையிலும் ஓரிடத்தில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்திருந்தது. அது மேல்வீட்டுக் கசிவின் விளைவு. அவர்கள் கசிவை நிறுத்தாமல் நாம் கீழிருந்து எத்தனை முறை பூசினாலும் விழும். அதனால் அதை நம் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. மேல்வீட்டுக்காரரோடு பேசி, அவர் தன் தரையின் வடிகால் இணைப்பைச் சரிசெய்த பிறகே இங்கே கை வைப்பது என்று முடிவானது.

## மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தது

எல்லாரும் ஃபினிஷ் தரத்தை வைத்துச் செலவை யோசிக்கிறார்கள். எளிமையாகச் செய்தால் பாதி, ஆடம்பரமாகச் செய்தால் இரட்டிப்பு என்று. புது ஃபிளாட்டுக்கு அது ஓரளவு சரி. பழைய ஃபிளாட்டில், எந்தத் தரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் குறையாத ஒரு செலவு இருக்கிறது. இடிப்பது, ஒயரிங், குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, பூச்சு. டைல்ஸ் மலிவானது என்பதற்காக அடியில் போகும் குழாய் மலிவாகிவிடாது. இதை உள்வேலை என்று தனியாக எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை மேல்வேலை என்று மூன்று தரத்தில் போட்டோம்.

ஒரு சதுர அடிக்கு ஆகும் அலகுகள் இப்படி வந்தன:

| அறை | உள்வேலை | எளியது | நடுத்தரம் | உயர்தரம் |
|---|---|---|---|---|
| ஹால், படுக்கையறை, உள்நடை | 0.6 | 1 | 1.7 | 3 |
| சமையலறை | 1.6 | 2.5 | 4.5 | 8 |
| குளியலறை | 4 | 4 | 6 | 11 |
| பால்கனி | 0.8 | 0.8 | 1.2 | 2 |

தரம் என்பது ஒவ்வொரு அறையிலும் வேறு பொருளில் வரும். ஹாலில் நடுத்தரம் என்றால் பெரிய அளவு டைல்ஸ், இரண்டு கை பட்டி, நல்ல பெயிண்ட், புதுக் கதவு. உயர்தரம் என்றால் ஃபால்ஸ் சீலிங், மறைவிளக்கு, கல் அல்லது மரத் தரை. சமையலறையில் பணம் போகிற இடம் மேடையும் அலமாரிகளும்தான். பலகை எந்த ரகம், இழுப்பறை எத்தனை என்பதிலேயே ஒரு தரம் இன்னொன்றாக மாறிவிடும்.

வீடு முழுக்க எளிய தரம் என்று கூட்டினால் 1765 அலகு, சதுர அடிக்கு 2.5. முழுக்க நடுத்தரம் 2440, சதுர அடிக்கு ஏறக்குறைய 3.5. முழுக்க உயர்தரம் 3765, சதுர அடிக்கு 5.3. மூன்றிலும் உள்வேலை 743 அலகு அப்படியே நிற்கிறது. எளிய தரத்தில் அது மொத்தத்தில் 42 விழுக்காடு, உயர்தரத்தில் 20 விழுக்காடுதான். மலிவாக முடிக்க நினைப்பவருக்கு ஏன் எதிர்பார்த்த அளவு செலவு குறையவில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். இரண்டு அடுக்கும் முழுக்கத் தனித்தனி இல்லை. பெரிய டைல்ஸ் ஒட்டச் சுவர் தூக்குநூலுக்கு நேராக இருந்தாக வேண்டும், பழைய சுவர்கள் அப்படி இருப்பதில்லை. அப்போது பூச்சுச் செலவும் ஏறும். நாலரை அங்குலச் சுவரில் மறைவான ஃபிளஷ் தொட்டி வைக்கக் குடைந்தால் சுவரே பலம் இழக்கும். முன்னால் தனிப் பெட்டி கட்டி, ஏற்கெனவே சின்னதான குளியலறையை இன்னும் சுருக்க வேண்டியிருக்கும். ஆகவே உயர்தர வரிசையில் உள்ள எண்களைக் கொஞ்சம் குறைவானவை என்றே வாசிக்க வேண்டும்.

## ஒரு குளியலறையை எடுத்துக்கொண்டால்

குளியலறைக்குப் பத்து அலகு என்றதும் வீட்டுக்காரர், "இருக்கிறதே நாற்பது சதுர அடி சார், அதுக்கு ஹாலைவிட நாலு மடங்கு ரேட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் பெரிய குளியலறையை முழுக்கப் பிரித்துக் காட்டினேன்.

அறை 5 அடிக்கு 8 அடி. தரை 40 சதுர அடி. நான்கு சுவரின் சுற்றளவு 26 அடி. ஏழடி உயரம் டைல்ஸ் ஒட்டினால் 182. கதவையும் ஜன்னலையும் கழித்தால் சுமார் 160. தரையோடு சேர்த்து 200 சதுர அடி டைல்ஸ். அதாவது ஒரு சதுர அடித் தரைக்கு ஐந்து சதுர அடி டைல்ஸ். ஹாலில் ஒரு சதுர அடிக்கு ஒன்றும் கொஞ்சம் ஸ்கர்ட்டிங்கும்தான். டைல்ஸ் விலையில் சின்ன ஏற்றம் வந்தாலும் இங்கே அது ஐந்தால் பெருகும். வெட்டு அதிகம் என்பதால் சேதாரமும் ஹாலைவிடக் கூடும்.

இந்த அறையின் 400 அலகில் உள்வேலை 160. பழையதை உடைத்து, தாழ்த்திக் கட்டிய தரைக்குள் நிரப்பியிருப்பதை அள்ளுவது 30. நீர்க்கசிவுத் தடுப்பும், தண்ணீர் தேக்கிச் சோதிப்பதும், மேல்பூச்சும் 45. சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போகும் குழாய்கள் 50. டைல்ஸோடு பெயர்ந்து வரும் சுவர்ப்பூச்சை மறுபடியும் பூசுவது 25. கீசருக்கும் விளக்குக்கும் ஒயர் 10. மேல்வேலையில் டைல்ஸ் பொருளும் கூலியும் சேர்த்து 120, கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், ஷவர், குழாய்கள் 90, கதவும் மற்றவையும் 30.

இதைப் பார்த்த பிறகு அவர் அடுத்ததாகச் சொன்னதுதான் சுவாரசியம். "அப்ப சின்ன அறைதானே, குளியலறையை மட்டும் உயர்தரமா செஞ்சுடலாம்." நிறைய வீடுகளில் கேட்கிற வாதம் இது. கணக்குப் போட்டோம். இரண்டு குளியலறையையும் நடுத்தரத்திலிருந்து உயர்தரத்துக்கு ஏற்ற 340 அலகு கூடுதல். இரண்டு படுக்கையறைகளையும் சேர்த்து எளிய தரத்திலிருந்து நடுத்தரமாக ஏற்ற 184 போதும். அறை சின்னதாக இருப்பதால் செலவு சின்னதாக ஆகாது என்பது அப்போது அவருக்கே தெரிந்துவிட்டது.

## எந்த அறைக்கு எந்தத் தரம்

அவர்கள் வகுத்திருந்த உச்சவரம்பு 2500 அலகு. முழுக்க நடுத்தரம் என்றால் 2440 வந்து, எதிர்பாராததற்கு ஒதுக்க 60 மட்டுமே மிஞ்சும். ஆகவே வீடு முழுக்க ஒரே தரம் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம்.

குளியலறைகளும் சமையலறையும் நடுத்தரம். இரண்டிலும் உள்வேலை எப்படியும் நடக்கிறது. அதன் மேல் மலிவான குழாயும் கதவும் போட்டால் ஐந்தாறு ஆண்டில் மறுபடியும் உடைக்க நேரும், அவர்கள் தவிர்க்க நினைத்ததே அதைத்தான். அம்மாவுக்காகக் குளியலறை வாசலில் படி இல்லாமல், வழுக்காத தரை, கைப்பிடிக் கம்பி. இது தரத்தை உயர்த்தவில்லை, தரைச் சரிவை மட்டும் முன்கூட்டியே யோசிக்க வைத்தது. ஹாலும் உள்நடையும் நடுத்தரம், இரண்டுக்கும் ஒரே தரை ஓட வேண்டும் என்பதால்.

பால்கனி எளிய தரம். படுக்கையறைகளில்தான் பணம் மிச்சமானது. நல்ல நிலையில் இருந்த மொசைக்கை உடைக்காமல் பாலிஷ் போடுவது என்று முடிவெடுத்தோம். மேல்வேலை சதுர அடிக்கு 1-லிருந்து 0.75 ஆனது. தரையை இடிக்க வேண்டாம் என்பதால் உள்வேலையும் 0.6-லிருந்து 0.45 ஆனது. வீட்டுக்காரரின் மனைவிக்கு முதலில் மனசில்லை. ஒரு மூலையில் ஒரு சதுர அடி மட்டும் பாலிஷ் போட்டுக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். ஹாலில் பழைய மொசைக்கைப் பெயர்த்துவிட்டே டைல்ஸ் ஒட்டுவது என்றும் தீர்மானித்தோம். மேலேயே ஒட்டியிருந்தால் இடிக்கும் செலவு மிஞ்சியிருக்கும். ஆனால் ஹால் தரை படுக்கையறையைவிட உயர்ந்து, வாசலுக்கு வாசல் ஒரு தடுக்கல் வந்திருக்கும், கதவுகளின் அடியையும் சீவ வேண்டியிருந்திருக்கும்.

இப்படிக் கூட்டினால் உள்வேலை 703, மேல்வேலை 1431, மொத்தம் 2134.

இதன் மேல் ஒதுக்கீடு. பொதுவாக மொத்தத்தில் பத்து விழுக்காடு என்று போட்டுவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படுவதில்லை. டைல்ஸையும் ஷவரையும் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, அதில் என்ன எதிர்பாராதது வரும்? சந்தேகம் எல்லாம் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் இருக்கிறது. அதனால் உள்வேலைக்கு 30 விழுக்காடு, மேல்வேலைக்கு 5 விழுக்காடு என்று பிரித்தோம். 211-ம் 72-ம் சேர்ந்து 283. ஆக 2417, உச்சவரம்புக்குள்.

இரண்டாவது காண்ட்ராக்டரே வேலையை எடுத்துக்கொண்டார். ஒரே ரேட் வேண்டாம், அறைவாரியாகவும் உள்வேலை தனியாகவும் ஒப்பந்தம் போடலாம் என்றதும் முதலில் தயங்கினார். "உடைச்சுப் பார்த்த பிறகு சண்டை வராதுன்னா எனக்கும் நல்லதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

## வேலை நடந்தபோது

ஈரமான அறைகளை முதலில் திறக்கச் சொன்னோம். கெட்ட செய்தி இருந்தால், ஹால் டைல்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட வேண்டும்.

பெரிய குளியலறைத் தரையை உடைத்ததும் தெரிந்தது. ஓரடி ஆழத்துக்கு நிரப்பியிருந்த உடைசெங்கல் முழுக்கத் தண்ணீரில் ஊறிச் சேறாகிக் கிடந்தது. கீழ்வீட்டுக் கறை இதிலிருந்துதான். அள்ளி, அடித்தளத்தைக் காய வைத்து, விரிசல் ஓடிய மூலைகளை அடைத்து, இரண்டு சுற்று நீர்க்கசிவுத் தடுப்புச் செய்ய வேண்டியிருந்தது. தண்ணீர் தேக்கி வைத்து, கீழ்வீட்டுக்காரரையே கூப்பிட்டு அவர் கூரையைக் காட்டச் சொன்ன பிறகே மேலே நிரப்பினோம். இந்த ஓர் அறையில் மட்டும் உள்வேலை 80 அலகு ஏறியது. சின்னக் குளியலறையில் 10.

சமையலறையில் எதிர்பார்த்தபடியே காடி எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரு சுவரில் கான்கிரீட் தூண் மறைந்திருந்ததால் பைப்பைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோக நேர்ந்தது. 25 கூடுதல்.

இன்னொன்று யாரும் வரிசையில் எழுதாத செலவு. இடிபாட்டுக் கழிவை லிஃப்டில் இறக்கக் கூடாது, மூட்டை கட்டிப் படிக்கட்டில்தான் இறக்க வேண்டும் என்று கட்டடச் சங்கம் சொல்லிவிட்டது. கெட்டியாகக் கிடக்கும்போது நாற்பது கன அடியாக இருப்பது, உடைத்து அள்ளினால் அறுபதுக்குப் பக்கம் உப்பிவிடும். மூன்று மாடி இறக்கும் கூலி 28 அலகு.

மேல்வேலையில் சமையலறைக்கு 16 ஏறியது. அது வீட்டுக்காரர்களே விரும்பிக் கூட்டிய இழுப்பறைகள். குளியலறைகளில் 42 ஏறியது, அதற்குக் காரணம் அவர்கள் அல்ல. அதைப் பற்றிக் கீழே.

## முடிவில் நின்ற கணக்கு

உள்வேலை 703-க்குப் பதில் 846. மேல்வேலை 1431-க்குப் பதில் 1489. மொத்தம் 2335 அலகு. ஒதுக்கிய 283-ல் 82 மிஞ்சியது. உள்ளே அளந்த பரப்புக்குச் சதுர அடிக்கு 3.3, பத்திரப் பரப்புக்கு 2.5. அடுத்த முறை யாராவது "அந்த வீட்டுக்குச் சதுர அடிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், இரண்டு விடையும் உண்மைதான்.

அறைவாரியாகப் பார்த்தால் படம் மாறுகிறது. படுக்கையறைகள் சதுர அடிக்கு 1.2. பால்கனி 1.6. ஹாலும் உள்நடையும் 2.3. சமையலறை 6.6. குளியலறைகள் 11.9. பரப்பில் ஐந்தில் ஒரு பங்கே வரும் சமையலறையும் குளியலறைகளும் மொத்தச் செலவில் 57 விழுக்காட்டை எடுத்துக்கொண்டன. இதே தரத்தில், இதே அளவு குளியலறைகளோடு, படுக்கையறை மட்டும் பெரிதான ஒரு ஃபிளாட் இருந்தால் அதன் சதுர அடிச் செலவு குறைவாக வரும். சின்ன ஃபிளாட்டுக்குச் சதுர அடி ரேட் கூடுதலாக இருப்பதைக் காண்ட்ராக்டரின் பேராசை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் வகுத்தல் கணக்கு.

## அடுத்த மதிப்பீட்டில் மாறுவது

குளியலறைக்குச் சதுர அடி ரேட் போடுவதையே விட்டுவிடலாம் என்பது இந்தக் கணக்கு காட்டிய முதல் திருத்தம். சின்னக் குளியலறை 28 சதுர அடி. சதுர அடிக்கு 6 என்றால் மேல்வேலை 168 வர வேண்டும். ஆனது 206. கோப்பை, பேசின், ஷவர் எல்லாம் பெரிய அறையில் உள்ள அதே எண்ணிக்கை, அதே 90 அலகு. சுவர் டைல்ஸும் தரை குறைந்த அளவுக்குக் குறையவில்லை. 28 சதுர அடித் தரைக்கு 160 சதுர அடி டைல்ஸ் போனது, அதாவது ஐந்தே முக்கால் மடங்கு. பெரிய அறையில் ஊறிய நிரப்பலுக்கு ஆன 80-ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால் அது சதுர அடிக்கு 10.1, சின்னது 11.7. ஆக, குளியலறை ஒன்றுக்குச் சாமான்கள் இவ்வளவு என்று எண்ணிக்கையிலும், டைல்ஸை ஒட்டும் பரப்பிலும், குழாயைப் பாயிண்ட் கணக்கிலும் போட்டுக் கூட்டுவதே நெருங்கி வரும். கூட்டிய பிறகு வேண்டுமானால் சதுர அடியால் வகுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கீழ்வீட்டில் கறை தெரிந்தால் அந்தக் குளியலறைத் தரையின் ஓரத்தில் ஒரு டைலைப் பெயர்த்து நிரப்பலைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். கறை இருப்பது தெரிந்தும், ஊறல் எவ்வளவு என்பதை ஒதுக்கீட்டிடம் விட்டிருந்தோம். ஒதுக்கீடு தாங்கியது. இரண்டு குளியலறையும் அப்படி இருந்திருந்தால் உள்வேலைக்கான ஒதுக்கீடு 211-ஐத் தாண்டியிருக்கும்.

கழிவு இறக்கும் கூலி இனி தனி வரி. அது பரப்பையோ தரத்தையோ பொறுத்ததல்ல. எத்தனையாவது மாடி, லிஃப்ட் கிடைக்குமா, எந்த நேரத்தில் இறக்கலாம், எத்தனை அறைத் தரை உடைகிறது என்பதைப் பொறுத்தது. இதில் லிஃப்ட், நேரம் இரண்டையும் கட்டடச் சங்கத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் ரேட் கேட்க வேண்டும்.

30-க்கு 5 என்ற ஒதுக்கீட்டுப் பிரிவை அப்படியே வைத்துக்கொள்வேன். உள்வேலை உண்மையில் 20 விழுக்காடு ஏறியது, மேல்வேலை 4. ஆனால் ஒயர் இழுத்துப் பார்க்காத, குழாய் அறுத்துப் பார்க்காத வீட்டுக்கு இந்த 30 போதாது. மிஞ்சிய 82 அலகில் வீட்டுக்காரர்கள் படுக்கையறைகளின் பழைய ஜன்னல்களை மாற்றிக்கொண்டார்கள். மதிப்பீட்டில் முதலில் தள்ளி வைத்த வேலை அது. மேல்வீட்டுக் கசிவு நின்ற பிறகு குளியலறைக் கூரையின் துருக்கம்பியைச் சுத்தம் செய்து பூசியதற்கான செலவு, பேசி வைத்தபடியே, மேல்வீட்டுக்காரர் கணக்கில் போனது.